மூடியத் தொறந்த கை: கொதிக்கிற தண்ணிய விட ஆவி ஏன் மோசமா சுடுது

மண்டபம் பக்கம் கடலோரத்துல நண்டு அவிக்கிற ஒரு கொட்டகையில எங்க மதினி வேலை பாக்குறாங்க. விடியக்காலையில வள்ளம் கரைக்கு வந்ததும் நீலக்கால் நண்டு கூடை கூடையா வரும், அதக் கழுவி அண்டாவுல அடுக்கி ஆவியில வேக வச்சு, ஆறினதும் ஓட்ட உடைச்சு சதைய எடுத்து ஐஸ்ல வைக்கணும், இதுதான் வேலை. பெரிய அலுமினிய அண்டா, 60 லிட்டர் பிடிக்கும். அடியில 10 லிட்டர் தண்ணி, அதுக்கு மேல ஓட்டை போட்ட தட்டு, தட்டு மேல நண்டு, மேல மூடி, மூடியோட விளிம்பச் சுத்தி ஈரச் சாக்கு, சாக்கு நகராம இருக்க ஒரு கல்லு. அடுப்புக்கு சீமைக்கருவ விறகு, எங்க மாவட்டத்துல அதுக்கு மட்டும் பஞ்சமே இல்ல.

அன்னைக்கு நண்டு வெந்துருச்சான்னு பாக்க மதினி கல்லத் தள்ளிட்டு, சாக்க உருவிட்டு, தன் பக்கம் இருந்த கைப்பிடியப் பிடிச்சு மூடியத் தூக்கிட்டாங்க. அடுப்பு அணைக்கல. தூக்கின பக்கம் தன் பக்கம்ங்கிறதால உள்ள இருந்த ஆவி மொத்தமும் அந்த இடுக்கு வழியா நேரா அவங்க வலது கைக்கு வந்துருச்சு. மூடியக் கீழ போட்டுட்டு கைய இழுக்க ஒரு செகண்டு, மிஞ்சிப் போனா ரெண்டு செகண்டு ஆகியிருக்கும். மணிக்கட்டோட உள்பக்கத்துல இருந்து முழங்கைக்குப் பாதி தூரம் வரைக்கும், ரெண்டு உள்ளங்கை அளவு இடம் வெந்துருச்சு.

இதுக்கு நாலு நாள் முன்னாடி அதே கொட்டகையில வேற ஒரு அக்கா, அண்டாவ இறக்கும்போது கொதிச்ச தண்ணி புறங்காலுல தெறிச்சு அவங்களுக்கும் சுட்டுச்சு. செவந்து போச்சு, ஒரு கொப்புளம் வந்துச்சு, ஒரு வாரத்துல வத்திருச்சு. மதினிக்கோ மூணாவது நாள் மணிக்கட்டு உள்பக்கம் செவப்பு போயி வெளுப்பா ஆயிருச்சு, தொட்டா மத்த இடத்துல எரியிற மாதிரி அங்க எரியல, மரத்துப் போன மாதிரி இருக்குன்னாங்க. கட்டுப் போடுற நர்ஸ் அக்கா விரல வச்சு அமுக்கிப் பாத்தாங்க. மேலோட்டமான காயம்னா அமுக்கினா வெளுத்து, விட்டதும் ரத்தம் ஓடி வந்து செவக்கும், இங்க அப்படித் திரும்பி வரவே மெதுவா இருந்துச்சு. "மேல் தோலோட நிக்கல, உள்ளயும் போயிருக்கு"ன்னு சொன்னாங்க. ஆறி முடிக்க ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

ஒரு நாள் சாயங்காலம் மதினி என்கிட்ட கேட்டாங்க, நான் பன்னெண்டாம் வகுப்புக்கு பிசிக்ஸ் எடுக்கிறவன்ங்கிறதால. "தம்பி, அவளுக்குப் பட்டது கொதிச்ச தண்ணி, எனக்குப் பட்டது வெறும் ஆவி, தண்ணிதானே கனம், ஆவி காத்து மாதிரிதானே, அப்புறம் எனக்கு ஏன் இப்படி ஆச்சு?"

பாடத்துல இதுக்கு ஒரு வரி பதில் இருக்கு, உள்ளுறை வெப்பம்னு. வருசா வருசம் நானும் போர்டுல எழுதிப் போட்டிருக்கேன். ஆனா அந்தக் கைய எதுக்க வச்சுக்கிட்டு அந்த ஒரு வரிய சொல்ல எனக்கு மனசு வரல, அதனால அவங்க அண்டாவையே வச்சு முழுசா கணக்குப் போட்டேன், அதத்தான் இங்க எழுதுறேன்.

மொதல்ல அடுப்பு. "மதினி, அண்டாவுல தண்ணி கொதி வர எவ்ளோ நேரம் ஆகும்?"னு கேட்டேன். "தீ நல்லா எரிஞ்சா 20 நிமிசம்"னாங்க. "அதே தீயில மூடியில்லாம விட்டா அண்டா காய எவ்ளோ நேரம் ஆகும்?" "அது யாரு பாத்தா, ஆனா ரெம்ப நேரம் ஆகும், ஒரு தடவை ரெண்டு ஈடு அவிச்சும் அடியில தண்ணி கெடந்துச்சு"ன்னாங்க. இதுலதான் விசயமே இருக்கு. ஒரு கிராம் தண்ணிய 30 டிகிரியில இருந்து 100 டிகிரிக்குக் கொண்டு வர 70 கலோரி போதும். ஆனா அந்த 100 டிகிரி தண்ணிய 100 டிகிரி ஆவியா மாத்த, சூடு ஒரு டிகிரி கூட ஏறாமலேயே, இன்னும் 540 கலோரி வேணும். கொதி வர 20 நிமிசம்னா, அதே தீயில அது முழுசா ஆவியாக 150 நிமிசத்துக்கு மேல ஆகும், ரெண்டரை மணி நேரம். அந்த ரெண்டரை மணி நேரமும் தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தா 100லயே நிக்கும், நம்ம ஊரு கடல் மட்டத்துலயே இருக்கிறதால கிட்டத்தட்ட சரியா 100 (கொடைக்கானல்ல போயி கொதிக்க வச்சா 93 பக்கமே கொதிச்சிரும்).

அவ்ளோ விறகு எரிஞ்சும் சூடு ஏறலன்னா அந்தச் சூடெல்லாம் எங்க போச்சுன்னு ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ யுனிவர்சிட்டியில ஜோசப் பிளாக் 1760கள்ல யோசிச்சார், தெர்மாமீட்டர்ல தெரியாம ஒளிஞ்சிருக்கிற சூடுன்னு அதுக்குப் பேரு வச்சதும் அவருதான். தண்ணியில துகள்கள் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கு, அந்தப் பிடிய விடுவிச்சு தனித்தனியா பறக்க விடத்தான் அந்த 540 கலோரி செலவாகுது. அதனால அது சூடாத் தெரியாது, ஆனா தொலைஞ்சும் போகல. ஆவி திரும்ப தண்ணியா மாறுற இடத்துல, எடுத்துக்கிட்டத அப்படியே ஒரு கலோரி கொறையாம எறக்கி வச்சிரும்.

எங்க தண்ணியா மாறும்? தன்னை விட குளிர்ந்த எது மொதல்ல எதுக்க வருதோ அங்க. நண்டு வேகுறதே இப்படித்தான், தண்ணியில முங்காமலே சில நிமிசத்துல நீல ஓடு செக்கச்செவேல்னு ஆகுதுல்ல, அதுக்குக் காரணம் ஓட்டு மேல போயி தண்ணியா ஒடுங்குற ஆவி. மூடியத் தூக்குனப்ப அந்த ஆவிக்கு மொதல்ல எதுக்க வந்த குளிர்ந்த பொருள் மதினியோட கை, 33 டிகிரி தோலு. பச்ச நண்டுக்கு என்ன நடக்குமோ அதுதான் அவங்க கைக்கு நடந்துச்சு, இத அவங்ககிட்ட சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "ஆமா தம்பி, சரிதான்"னாங்க.

இப்ப கை கணக்கு. ரெண்டு உள்ளங்கை அளவுன்னா சுமாரா 300 சதுர சென்டிமீட்டர். அதுல மேல இருக்கிற 1 மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும் தோல எடுத்துக்குவோம், அது 30 கிராம் வரும். அந்த 30 கிராம 33 டிகிரியில இருந்து 65 டிகிரிக்கு ஏத்தினா நிச்சயமா காயம்தான், ஏன்னா 60 டிகிரிக்கே தோலு அஞ்சு செகண்டு தாங்காது, 70ல ஒரு செகண்டே அதிகம். தோலுக்கு தண்ணிய விட கொஞ்சம் கம்மியா சூடு போதும், ஒரு கிராமுக்கு ஒரு டிகிரிக்கு 0.8 கலோரின்னு வச்சா மொத்தம் 770 கலோரி வருது. மோட்டாக் கணக்குதான், ஆனா இதுக்கு இது போதும்.

இந்த 770 கலோரிய கொதிதண்ணி குடுக்கணும்னா, 100ல இருந்து 65க்கு இறங்குறப்ப ஒரு கிராமுக்கு 35 கலோரிதான் குடுக்கும், அப்போ 22 கிராம் தண்ணி வேணும், அதுவும் அந்த 22 கிராமும் கை மேலயே தங்கி தன் சூட்ட முழுசா குடுத்துட்டுப் போகணும். கையில ஊத்துன தண்ணி அப்படி நிக்காது, வழிஞ்சு ஓடிரும், பாதி சூட்டோட கீழ போயிரும். ஆவின்னா, மொதல்ல ஒடுங்கும்போது 540, அப்புறம் அந்தத் துளி 65க்கு ஆறும்போது 35, ஆக 575 கலோரி ஒரு கிராமுக்கு. 770க்கு 1.3 கிராம் போதும். ஒரு டீஸ்பூன்ல கால்வாசிய கொஞ்சம் தாண்டும், அவ்ளோதான். 300 சதுர சென்டிமீட்டர்ல பரப்பினா தண்ணியா கண்ணுக்குக் கூடத் தெரியாது, லேசா ஈரமா இருக்கிற மாதிரி இருக்கும். மதினி அப்ப சொன்னது இப்பத்தான் எனக்குப் புரியுது, "கை நனையவே இல்லயே தம்பி, லேசா பிசுபிசுன்னுதான் இருந்துச்சு"ன்னாங்க.

பாடப் புத்தகத்துல வழக்கமா உடம்புச் சூடு 37 வரைக்கும் ஆறுறதா வச்சு, தண்ணி 63, ஆவி 603, பத்து மடங்குன்னு போடுவோம். காயம் ஆகுற அந்த நேரத்துல தோலே 60, 65க்கு ஏறி நிக்குது, அதுக்குக் கீழ ஆறினா என்ன ஆறலன்னா என்ன, அதனால உண்மையில கணக்கு பத்து மடங்கு இல்ல, 16 மடங்கு பக்கம் போயிருது. தோலு சூடாக ஆக தண்ணிகிட்ட குடுக்கிறதுக்கு மிச்சம் இருக்கிறது கொறஞ்சுக்கிட்டே வரும், ஆவியோட 540 அப்படியேதான் இருக்கும்.

அண்டாவுக்குள்ள 1.3 கிராம் ஆவி இருந்துச்சான்னு கேக்கலாம். தண்ணியும் நண்டும் போக சுமார் 30 லிட்டர் இடம் ஆவிக்கு. 100 டிகிரியில ஒரு லிட்டர் ஆவி 0.6 கிராம், ஆக 18 கிராம், போதாததுக்கு அடியில தீ எரிஞ்சுக்கிட்டே இருக்கு, நிமிசத்துக்கு 60 கிராமுக்கு மேல புதுசா வந்துக்கிட்டு இருக்கு. தேவையானத விட பத்து மடங்குக்கு மேல ரெடியா நின்னுச்சு.

சரி, அந்த ஒண்ணு ரெண்டு செகண்டுக்குள்ள 1.3 கிராம் எப்படி வந்து ஒட்டும்? எனக்கு இந்த விசயத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஆவி தண்ணியானா கிட்டத்தட்ட 1,700 மடங்கு சுருங்கிரும். தோல ஒட்டி இருந்த ஆவி துளியானதும் அந்த இடம் காலியாகுது, காலியான இடத்த நிரப்ப பின்னால இருக்கிற ஆவி தானா ஓடி வருது, அதுவும் ஒடுங்குது, திரும்ப காலி, திரும்ப ஓடி வருது. யாரும் தள்ளவே வேணாம், குளிர்ந்த தோலே ஆவிய இழுத்துக்குது. தண்ணியில இது கிடையாது, தோலத் தொட்ட தண்ணி ஆறினா அந்த ஆறின தண்ணியே நடுவுல நின்னு பின்னால இருக்கிற சூட்ட கொஞ்சம் தடுக்கும். கொதிதண்ணியும் தோலும் சேர்ந்த அந்த மொத நொடியில ரெண்டும் சந்திக்கிற இடம் 100 இருக்காது, ரெண்டுக்கும் நடுவுல 70 பக்கம் வந்து நிக்கும், ஏன்னா தண்ணி தானும் ஆறித்தான் ஆகணும். சுத்தமான ஆவி படுற இடத்துல ஆவி வந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் தோல் மேல உருவாகுற அந்த ஈரப் படலம் 100 டிகிரிய ஒட்டியே நிக்கும். அதே ஒரு செகண்டுல ஒரு கை 70 டிகிரியத் தொடுது, இன்னொரு கை 100ஐத் தொடுது.

ஆவி அதிகமா சுடுறதுக்குக் காரணம் அதோட டெம்பரேச்சர் கூடன்னு சில பேரு நினைக்கிறாங்க, என் பசங்களும் குக்கர உதாரணம் சொல்லுவாங்க. குக்கர் உள்ள 120 டிகிரி இருக்கும்கிறது சரிதான், ஆனா அந்தக் கூடுதல் 20 டிகிரியால ஒரு கிராமுக்கு சுமார் 10 கலோரிதான் கூட வரும், 540க்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. பேக்கரி அடுப்புக்குள்ள 200 டிகிரி காத்துல ஒரு செகண்டு கைய நீட்டி தட்ட எடுக்குறாங்க, ஒண்ணும் ஆகுறதில்ல, ஏன்னா காத்து தோல் மேல ஒடுங்காது. ஒடுங்குறதுதான் சுடுது.

இத மதினிக்கும் பசங்களுக்கும் கண்ணுக்குக் காட்டணும்னு லேப்ல ஒரு சின்ன சோதனை பண்ணோம். ரெண்டு டம்ளர்ல 200 கிராம், 200 கிராம் தண்ணி, ரெண்டும் 30 டிகிரி. ஒண்ணுல கொதிக்கிற தண்ணி 10 கிராம் ஊத்துனோம், 33 ஆச்சு, கை வச்சுப் பாத்தா வித்தியாசமே தெரியாது. இன்னொண்ணுல கண்ணாடிக் குழாய் வழியா ஆவிய விட்டோம், தராசுல வச்சு சரியா 10 கிராம் எடை கூடுற வரைக்கும். கணக்குப்படி 59 வரணும், எங்களுக்கு 54 வந்துச்சு. கொறஞ்சதுக்குக் காரணம் குழாயிலயே கொஞ்சம் ஆவி ஒடுங்கி துளியா வந்துருது, அந்தத் துளி கொதிதண்ணி மாதிரிதானே, அதுகிட்ட 540 இல்ல. குழாய துணி சுத்தி சூடு போகாம பாத்துக்கிட்டு மறுபடி பண்ணப்ப 57 வரைக்கும் வந்துச்சு. 10 கிராம் எடையில ஒண்ணு 3 டிகிரி, இன்னொண்ணு 27 டிகிரி. மதினி அந்த ரெண்டு டம்ளரையும் மாத்தி மாத்தி தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

இதுக்கு எல்லையும் இருக்கு, அத சொல்லலன்னா ஆவின்னாலே பயம்னு ஆகிரும். நம்ம கண்ணுக்கு வெள்ளையா தெரியிறது ஆவியே இல்ல, அது ஏற்கனவே ஒடுங்கிப் போன பொடித் துளி, தன் 540ல பெரும்பங்க காத்துக்கிட்ட குடுத்துட்டு வந்தது. இட்லிப் பானை மூடியில ஓட்டை இருந்தா உத்துப் பாருங்க, ஓட்டைய ஒட்டி ஒரு விரல் தூரத்துக்கு ஒண்ணுமே தெரியாது, அதுக்கு மேலதான் வெள்ளப் புகை ஆரம்பிக்கும். ஒண்ணும் தெரியாத அந்த இடத்துலதான் உண்மையான ஆவி இருக்கு. அதுல கை வச்சா வெந்துரும், ஒரு அடி மேல வெள்ளப் புகையில கை வச்சா ஈரமாகும், இதமா இருக்கும்.

காத்து கலக்கக் கலக்க ஆவியோட கொடுமை வேகமா கொறயும், ரெண்டு விதமா. ஒண்ணு, தோலு எந்தச் சூட்டுக்கு ஏறுற வரைக்கும் ஆவி ஒடுங்கும்கிறது கலவையப் பொறுத்தது. சுத்த ஆவின்னா 100 வரைக்கும், பாதிக்குப் பாதி காத்துன்னா 80 தாண்டி கொஞ்சம் வரைக்கும், அஞ்சுல ஒரு பங்குதான் ஆவின்னா 60 வரைக்கும்தான், அதுக்கு மேல ஏறவே ஏறாது. ரெண்டாவது, ஆவி ஒடுங்கிப் போனதும் கூட வந்த காத்து தோல ஒட்டி அங்கயே நின்னுக்கும், பின்னால வர்ற ஆவிக்கு வழி விடாது. மூடின அண்டாவுல இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது, விடாம கொதிச்சதுல உள்ள இருந்த காத்த எல்லாம் ஆவி சாக்கு இடுக்கு வழியா வெளிய தள்ளிட்டுது, மூடிக்கு கீழ இருந்தது கிட்டத்தட்ட சுத்த ஆவி. மூடிய தூக்குன அந்த மொத செகண்டுதான் ரொம்ப ஆபத்து, அதுக்கப்புறம் காத்து கலக்க ஆரம்பிச்சிரும்.

இன்னொரு எல்லை, அளவு. இந்தப் பத்து மடங்கு, 16 மடங்கெல்லாம் கிராமுக்கு கிராம் கணக்கு. ஒரு சொம்பு கொதிதண்ணி மேல கொட்டிருச்சுன்னா அது அரைக் கிலோ, அதுவும் சட்டையில ஊறி தோலோட ஒட்டிக்கிட்டா ஓடியும் போகாது, அது எந்த ஆவிக்கும் கொறஞ்சது இல்ல. சளிக்கு வேது பிடிக்கும்போது பெரும்பாலும் புண்ணாகுறது ஆவியால இல்ல, போர்வைக்குள்ள இருந்து அசையும்போது பாத்திரம் சாஞ்சு மடியில கொட்டுற தண்ணியாலதான், சின்னப் பிள்ளைகளுக்கு அதனாலயே வேது பிடிக்க வைக்கக் கூடாது. அந்த அக்காவுக்கு புறங்காலுல தெறிச்சது கொஞ்சம், உடனே வழிஞ்சிருச்சு, அதனால தப்பிச்சாங்க.

மதினி கை இவ்ளோ ஆழமா போனதுக்கு மூடியத் தூக்குன ரெண்டு செகண்டு மட்டும் காரணம் இல்ல, அதுக்கப்புறம் நடந்ததும் காரணம்னு நினைக்கிறேன். அவங்க போட்டிருந்தது முழுக்கை பருத்திச் சட்டை. துணி ஆவியத் தடுக்கும்னு நினைக்கிறோம், காஞ்ச துணியில ஆவி நூலுக்கு நடுவுல பூந்து உள்ள போயி தோலுலயும் துணியிலயும் ஒடுங்கும், அப்புறம் அந்தச் சூடான ஈரத்துணி கையோட ஒட்டிக்கிட்டு நிக்கும். கைய இழுத்துட்டா ஆவி போயிருச்சு, ஆனா துணி கூடவே வந்துருச்சு. சட்டைக் கைய மடக்கி மேல ஏத்தவே கொஞ்ச நேரம் ஆயிருக்கு. வளையலையும் கழட்டல, சாயங்காலம் வீக்கம் வந்து இறுக்கிப் பிடிச்சு கடைசியில வெட்டித்தான் எடுத்தாங்க.

தண்ணி விசயம் இதவிட வருத்தம். சுட்ட இடத்துல ஓடுற குளுந்த தண்ணி 20 நிமிசம் விடணும், சூடு போயிருச்சேன்னு அஞ்சு நிமிசத்துல நிறுத்தக் கூடாது, தோலு ஆறினதுக்கு அப்புறமும் அது காயம் ஆழமாகுறத கொறைக்குது. உடனே முடியலன்னா கூட மூணு மணி நேரத்துக்குள்ள செஞ்சா பலன் இருக்கு. கொட்டகையில இருந்தது குடம் இவ்வளவுன்னு காசு குடுத்து வாங்குற நல்ல தண்ணி, ரெண்டு குடம் ஊத்திட்டு "போதும்"னு மதினியே நிறுத்திட்டாங்க, தண்ணி வீணாகுதேன்னு. எங்க பக்கம் பொம்பளைங்களுக்கு அந்தக் கணக்கு மனசுலயே ஊறிப் போயிருக்கு. அப்புறம் யாரோ பேஸ்ட் தடவி விட்டிருக்காங்க, ஆஸ்பத்திரியில அதக் கழுவி எடுக்கிறப்ப அவங்க பட்ட பாடு தனி. ஓடுற தண்ணி இல்லாத இடத்துல சுத்தமான துணிய நல்ல தண்ணியில நனைச்சுப் போட்டு அது சூடாக சூடாக மாத்திக்கிட்டே இருந்தா ஒரு குடத்துலயே 20 நிமிசம் ஓட்டலாம், ஐஸ நேரா வைக்கக் கூடாது, கொப்புளத்த உடைக்கக் கூடாது. ஐஸ் பெட்டி பக்கத்துலயே இருக்கிற கொட்டகைங்கிறதால இத அங்க எல்லார்கிட்டயும் ரெண்டு தடவை சொல்லியிருக்கேன்.

இப்ப அங்க மூடி திறக்கிற விதத்த மாத்திருக்காங்க. தீய இழுத்துட்டு ரெண்டு நிமிசம் விடுறாங்க, புது ஆவி வர்றது நின்னுரும், உள்ள இருக்கிறது ஒடுங்கி வெளிக்காத்து இடுக்கு வழியா உள்ள போக ஆரம்பிக்கும். அப்புறம் தனக்கு எதுத்த விளிம்ப மொதல்ல தூக்குறாங்க, மூடியே முகத்துக்கும் கைக்கும் நடுவுல தட்டி மாதிரி நிக்கும், ஆவி அந்தப் பக்கம் போயிரும். எதுத்த கைப்பிடியில வலைக்கயிறு ஒண்ணு கட்டி, கொட்டகை உத்தரத்துல போட்டு இந்தப் பக்கம் இழுக்கிற மாதிரி வச்சிருக்காங்க, அது மதினியோட யோசனை. கைப்பிடியத் தொடுறதுக்கு காஞ்ச சாக்குத்தான், ஈரச் சாக்கு கூடாது, ஈரத்துல சூடு சட்டுனு கடந்து கைக்கு வந்துரும்.

போன வாரம் போனப்ப மதினிதான் கயித்த இழுத்தாங்க. மூடி அந்தப் பக்கம் எந்திரிச்சுச்சு, ஒரு நொடி ஒண்ணுமே தெரியல, அப்புறம் ஒரு முழம் தள்ளி வெள்ளையா கெளம்பி கடல் பக்கமா போச்சு. "பாருங்க தம்பி, ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியுதே, அந்த இடந்தான்"னு தழும்பு இருக்கிற கையால எனக்குக் காட்டினாங்க.